ஒரு புகார், இரண்டு கடிதம்

காசநோய் மருந்துக் கார்டில் போடும் டிக்குக்கு ஒரே பொருள்தான். அன்றைய மாத்திரையை நோயாளி விழுங்கினார், அதை ஒருவர் உறுதி செய்துகொண்டார் என்பதே அது. தாராவியில் அந்தக் கார்டுகளோடு பல வருஷம் ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். இப்போது செம்பூரில் வீட்டோடு இருந்தாலும், ஒரு சிறிய அறக்கட்டளைக்குப் போய் அங்கே புதிதாகச் சேரும் பெண்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சேர்ந்த ஒரு பெண் ஒருநாள் மதியம் எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினாள். "அக்கா, இதை நம்ம குரூப்ல போடப் போறேன், ஒரு தடவை பாத்துருங்க" என்று மேலே எழுதியிருந்தாள். பெயர்கள் இருந்த இடத்தில் இங்கே புள்ளி வைத்திருக்கிறேன்.

"எல்லாரும் கேளுங்க. ....... அண்ணன் டாட்ஸே குடுக்கிறதில்ல. சும்மா டிக் போட்டு ஏமாத்துறாரு. கும்பார்வாடா பின்னாடி தோல் வேலைக்குப் போறவரோட சம்சாரம் ....... வீட்ல மாத்திரை அப்படியே கிடக்கு. அந்தம்மாவுக்கு ஏதாவது ஆனா யாரு பொறுப்பு? காசு மட்டும் கரெக்டா வாங்கத் தெரியுது. இன்னும் எத்தன வீட்ல இப்படியோ. இன்னிக்கே முடிவு தெரியணும்."

அவள் கோபம் நியாயமானது. ஆனால் இந்தச் செய்தி குரூப்பில் விழுந்திருந்தால், முதலில் அடிபடுவது அந்த நோயாளிதான். அந்த குரூப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் தாராவிக்காரர்கள். கணவர் செய்யும் தொழில், தெரு, பெண்ணின் பெயர் மூன்றும் சேர்ந்தால் வீட்டு வாசலைக் காட்டிக்கொடுக்கப் போதும். டி.பி. இருக்கிறது என்று தெரிந்தால் தண்ணீர்க் குழாயடியில் குடத்தைத் தள்ளி வைக்கச் சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்யாணமாகாத தங்கை அந்த வீட்டில் இருந்தால் அவளுக்கு வரும் சம்பந்தமும் நின்றுபோகும். ஆகவே, சக ஊழியர் செய்தது தவறா இல்லையா என்ற கேள்விக்குப் போகும் முன்பே, இதை எங்கே எழுதுவது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

"இப்போதைக்கு எங்கேயும் போடாதேம்மா. சாயங்காலம் மாட்டுங்காவுக்கு வா" என்று சொன்னேன். வந்ததும் காபி குடிக்க உட்கார்ந்து பேசலாம் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மும்பையில் வேறெங்கும் தமிழில் மெதுவாகப் பேசினால் பக்கத்து மேஜைக்குப் புரியாது. மாட்டுங்காவில் அந்தத் தைரியம் செல்லாது. பரிமாறுகிறவரிலிருந்து கல்லாவில் இருப்பவர் வரை எல்லோருக்கும் புரியும். தாராவியிலிருந்து அங்கே வேலைக்கு வருபவர்களும் உண்டு. அதனால் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடந்துகொண்டே பேசினோம்.

என் முதல் கேள்வி: "அந்த வீட்டில் நீ கண்ணால் பார்த்தது என்ன?"

"அவரு ஏமாத்துறாரு அக்கா" என்றாள்.

"அது நீ முடிவுகட்டினது. பார்த்தது என்ன?"

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். காலை பத்து மணிவாக்கில் போயிருக்கிறாள். அன்று 24-ஆம் தேதி. கார்டில் அந்த மாதம் 3-ஆம் தேதியிலிருந்து டிக் இருந்தது. அது 24-ஐத் தாண்டி 25-ஆம் தேதிக் கட்டத்திலும் இருந்தது. நோயாளி அன்றைக்கான மாத்திரையை இன்னும் போடவில்லை. பிஸ்கட் டப்பாவில் பிரிக்காத அட்டை இரண்டு, பாதி பிரித்த அட்டை ஒன்று. பாதி பிரித்ததில் எட்டு மாத்திரை மிச்சம் இருந்தது.

இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவள், எழுதும்போது "மாத்திரை அப்படியே கிடக்கு" என்று எழுதியிருந்தாள். அவசரத்தில் நடப்பது இதுதான். கையில் உறுதியான விஷயம் இருக்கும், எழுதும்போது அது கைநழுவி வசையாகிவிடும்.

கணக்கைப் போட்டோம். பெரியவர்களுக்கான முதல் இரண்டு மாத மாத்திரையில் நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கும்: ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால். தினமும் எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 கிலோ வரை நான்கு. அந்தப் பெண்ணுக்கு எடை 52 கிலோ. அப்படியானால் நாளுக்கு நான்கு. ஓர் அட்டையில் 28 மாத்திரை, ஒரு வாரத்துக்குச் சரியாக வரும். மாதத்துக்கு நான்கு அட்டை, அதாவது 112 மாத்திரை. 3-ஆம் தேதி தொடங்கி 23-ஆம் தேதி வரை 21 நாள். ஒழுங்காகப் போட்டிருந்தால் 84 குறைந்து, ஒரே ஓர் அட்டை மிஞ்சியிருக்க வேண்டும். அவள் பார்த்ததோ 64. ஆகக் குறைந்தது 48 மட்டும்; பன்னிரண்டு நாளுக்கு உரியது.

"பாத்தீங்களா, ஒன்பது நாள் போடவே இல்ல" என்றாள்.

அதையும் அப்படிச் சொல்லிவிட முடியாது என்றேன். வயிற்றைப் புரட்டுகிறது என்று நான்குக்குப் பதில் மூன்று மாத்திரை போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று மூன்றாகப் போட்டாலும் 48 மாத்திரை பதினாறு நாளுக்கு வந்துவிடும். முந்தைய மாதத்து மிச்சம் இதில் கலந்திருக்கலாம். ஊருக்குப் போனபோது கொண்டுபோன அட்டை திரும்பி வந்திருக்கலாம். எண்ணிக்கை பொருந்தவில்லை என்பது மட்டும் உறுதி. ஏன் பொருந்தவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் வேறொருவர்.

டிக்குகளுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தோம். டாட்ஸ் பார்ப்பவர் தினமும் வீட்டுக்கு வராமல் போனிலோ வீடியோவிலோ கேட்டு உறுதி செய்துகொள்ளும் வழக்கமும் உண்டு. அப்படிக் கேட்டு டிக் போட்டிருந்தால், அந்த டிக்கு நம் கணக்கோடு ஒத்துவராவிட்டாலும் பொய் டிக் ஆகாது. நோயாளி போனில் சொன்னதை அவர் நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் 25-ஆம் தேதிக் கட்டத்தில் இருந்த டிக்குக்கு இந்த விளக்கம் எதுவும் பொருந்தாது. நாளைக்குப் போடப்போகும் மாத்திரையை இன்றைக்கு யாராலும் உறுதி செய்ய முடியாது. அவள் சொன்ன விஷயங்களில் மிகக் கனமானது அதுதான். அவளுடைய செய்தியிலோ அது இடம்பெறவே இல்லை.

"தாராவியில எல்லாரும் இப்படித்தான் அக்கா. ஒருத்தரை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்று சலித்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஒரு பழைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். 1991-இல் முகுந்த் உப்லேகரும் டொனால்ட் ஷெப்பர்டும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாராவியில் தனியாக மருத்துவம் பார்க்கும் சுமார் நூறு பேரிடம், காசநோய்க்கு நீங்கள் எழுதும் மருந்துச் சீட்டு என்ன என்று கேட்டதன் முடிவு அது. 80 விதமான சீட்டுகள் வந்தன. கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, மாஹிமிலுள்ள இந்துஜா மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ஜரீர் உத்வாடியாவும் அவருடைய சகாக்களும் அதே பகுதி மருத்துவர்களிடம் மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொன்னார்கள். 2010-இல் அந்த முடிவு வெளியானது. 106 மருத்துவர்கள் 63 விதமாக எழுதியிருந்தார்கள். சரியாக எழுதியவர்கள் ஆறே பேர்.

சக மருத்துவர்களின் பழக்கத்தைப் பற்றி மருத்துவர்களே சொன்ன புகார்தான் அது. ஆனால் இன்ன கிளினிக், இன்ன டாக்டர் என்று யாரையும் அதில் சுட்டவில்லை. கேட்ட கேள்வி, வந்த பதில், சரியான பதில் எது, எத்தனை பேர் சரி என்பவை மட்டும்தான். இதை வாசிப்பவர் யாரும் இது பொறாமையில் எழுதியது என்று தட்டிக்கழிக்க முடியாது. இதே உத்வாடியா குழு, சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயாளிகளைப் பற்றி எழுதியது. 2012 ஜனவரியில் அது நாடெங்கும் செய்தியானபோது, அதற்கு அவர்கள் வைத்த பெயர்மீதுதான் பெரிய சண்டை நடந்தது. அப்படி ஒரு வகையை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. ஆய்வுக்கூட முடிவுகள் அப்படியே இருந்தன. விவாதம் பெயரைச் சுற்றிப் போய்விட்டது. அதனால்தான் அந்தப் பெண்ணிடம் "ஏமாத்துறாரு" என்ற வார்த்தையை எடுக்கச் சொன்னேன். அதை வைத்தால் அண்ணன் அந்த வார்த்தைக்குத்தான் பதில் சொல்வார். 25-ஆம் தேதி டிக்குக்குப் பதில் சொல்ல மாட்டார்.

நடந்துகொண்டே இன்னொன்று கேட்டேன்: "அந்தம்மா எப்படி இருக்காங்க?"

அதற்கு அவள் சொன்ன பதிலில் எனக்குப் பகீரென்றது. மாத்திரை போட்டால் வாந்தி வருகிறது, அதனால் சில நாள் விட்டுவிட்டேன் என்று நோயாளி சொல்லியிருக்கிறார். பசியும் இல்லையாம். காசநோய் மருந்துகளில் மூன்று ஈரலைப் பாதிக்கக்கூடியவை. வாந்தி வெறும் வயிற்றுப் புரட்டலாக இருக்கலாம், ஈரல் கெடுவதன் தொடக்கமாகவும் இருக்கலாம். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சிறுநீரின் நிறத்தை வைத்து நாமே முடிவுகட்ட முடியாது. ரிஃபாம்பிசின் போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு. தினமும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து மாத்திரையைக் கொடுத்திருந்தால், இந்த வாந்தி முதல் வாரத்திலேயே கார்டில் ஏறியிருக்கும். பார்க்காமல் போடும் டிக்கின் உண்மையான கேடு இதுதான். விட்டுப்போன மாத்திரையை மட்டும் அது மறைப்பதில்லை, விட்டதற்கான காரணத்தையும் மறைத்துவிடுகிறது.

அங்கேதான் ஒரு முடிவுக்கு வந்தோம். இது ஒரு கடிதத்தில் அடங்கும் விஷயமல்ல. நோயாளியின் உடம்பு இன்றே கவனிக்க வேண்டியது. அண்ணனின் பழக்கத்தைப் பற்றிய விசாரணை ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகலாம். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் விசாரணை முடியும்வரை நோயாளியும் காத்திருக்க வேண்டிவரும். மருத்துவரும் தேவையில்லாமல் அலுவலகச் சண்டைக்குள் இழுக்கப்படுவார். அதனால் மருத்துவருக்கு அப்போதே, ரோட்டோரக் கல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினோம்.

"டாக்டர், நிக்ஷய் எண் ....... உள்ள நோயாளியை இன்று காலை வீட்டில் பார்த்தேன். சிகிச்சையின் இரண்டாம் மாதம், எடை 52 கிலோ, நாளுக்கு 4 மாத்திரை. இந்த மாதம் 3-ஆம் தேதி 112 மாத்திரை தரப்பட்டது. இன்று 64 மிச்சம் இருக்கிறது; 28 இருந்திருக்க வேண்டும். வாந்தியால் சில நாள் விட்டதாகவும் பசி இல்லை என்றும் சொல்கிறார். நாளை காலை உங்களிடம் அழைத்து வரலாமா? அதுவரை மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று இன்றே சொல்லுங்கள்."

இதில் அண்ணனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மருத்துவருக்கு அது இப்போது தேவையில்லை. நோயாளியின் பெயரும் இல்லை. தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் நிக்ஷய் பதிவில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பார்க்க உரிமையுள்ளவர்கள் அதை வைத்து விவரத்தை எடுத்துக்கொள்ளலாம், வழியில் யார் கண்ணிலாவது பட்டால் அது வெறும் எண். மருத்துவரின் பதில் கால் மணி நேரத்தில் வந்தது. தான் நோயாளியைப் பார்க்கும்வரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார், மறுநாள் முதல் ஆளாக அழைத்து வரச் சொன்னார். அதைப் படித்த பிறகுதான் அவள் முகத்திலிருந்த பதற்றம் குறைந்தது. கோபத்தில் பாதிக்கு மேல் பயம்தான் இருந்திருக்கிறது.

இரண்டாவது கடிதத்தை அன்றிரவு எழுத வேண்டாம் என்றேன். நோயாளியிடம் கேட்க வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது. அண்ணன் வாரத்துக்கு ஒருமுறை வந்து டிக் போட்டுவிட்டுப் போகிறார் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். விசாரணை வந்தால், யார் சொல்லியிருப்பார்கள் என்று அண்ணன் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த நான்கு மாதத்துக்கு அதே மனிதர் கையால்தான் மருந்து வாங்க வேண்டும். மறுநாள் மருத்துவரைப் பார்த்துத் திரும்பும்போது, "நீங்க சொன்னதை மேல எழுதலாமா? உங்க பேர் வராது. ஆனா அவரு ஊகிச்சுக்கலாம்" என்று அவள் கேட்டாள். இந்தக் கடைசி வாக்கியத்தை விடாமல் சொல்லச் சொல்லியிருந்தேன். யாருக்கும் தெரியவே தெரியாது என்று வாக்குக் கொடுப்பது பொய். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "எழுதும்மா. ஆனா அவரை வேலைய விட்டுத் தூக்கச் சொல்லாதே. எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில நின்னவரு அவருதான்" என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணனிடமே முதலில் நேரில் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். சின்ன விஷயங்களுக்கு நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன். கார்டைக் கிறுக்கலாக எழுதுகிறார், நேரத்துக்கு வருவதில்லை என்றால் ஒரு டீயோடு தீர்ந்துவிடும். இங்கே வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணம். ஒன்று, மற்ற வீடுகளின் கார்டுகளும் அவர் கையில்தான் இருக்கின்றன. தெரிந்த அன்றே அவை மாறிவிடலாம். இரண்டு, கேட்டவள் அந்த வீட்டுக்குப் போனவள் என்பதால் அவர் நேரே போய் நிற்பது அந்த வாசலில்தான்.

இரண்டாவது கடிதம் அறக்கட்டளையின் பொறுப்பாளருக்கு. எதில் அனுப்புவது என்பதில்கூட நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தின் பொது மின்னஞ்சலை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள், அண்ணன் உட்பட. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பூட்டிய திரையிலேயே முதல் இரண்டு வரி தெரியும். பொறுப்பாளரின் தனி அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்தோம். தலைப்பு வரியில் யார் பெயரும் வராமல் பார்த்துக்கொண்டோம். கார்டை அவள் போட்டோ எடுத்திருந்தாள், மேலே நோயாளியின் பெயரும் விலாசமும் அப்படியே இருந்தன. மறுநாள் போனபோது அந்த இடத்தை ஒரு தாளால் மறைத்து, நோயாளியிடம் கேட்டுக்கொண்டு, திரும்ப எடுத்தாள். பழைய படத்தை போனிலிருந்து அழித்தாள். அவள் போனை வீட்டில் தம்பியும் எடுத்து விளையாடுவான் என்பதால், குப்பைத் தொட்டி ஃபோல்டரிலிருந்தும் அழிக்கச் சொன்னேன். மனிதர்கள் மறந்துபோகும் இடம் அது.

கடிதம் இப்படி வந்தது.

"தலைப்பு: ரகசியம் – டோஸ் பதிவைச் சரிபார்க்கக் கோரிக்கை

மதிப்பிற்குரிய மேடம், இது உங்கள் பார்வைக்கு மட்டும்.

நான் பார்த்தது: இம்மாதம் 24-ஆம் தேதி காலை சுமார் 10 மணிக்கு நிக்ஷய் எண் ....... உள்ள நோயாளியின் வீட்டுக்குப் போனேன். இவருக்கு டாட்ஸ் பார்ப்பவர் திரு. ....... கார்டில் 3 முதல் 25-ஆம் தேதி வரை எல்லா நாளும் டிக் இருந்தது. 24-ஆம் தேதி டோஸை நோயாளி அதுவரை எடுக்கவில்லை. அவர் முன்னிலையில் எண்ணியபோது 64 மாத்திரை இருந்தது. 23-ஆம் தேதி வரையிலான கணக்குப்படி 28 இருக்க வேண்டும்.

நான் கேட்டது: டாட்ஸ் பார்ப்பவர் வாரம் ஒருமுறை வருவதாக நோயாளி சொன்னார். இதை நான் நேரில் பார்க்கவில்லை. இதை உங்களுக்கு எழுத அவர் சம்மதித்திருக்கிறார்.

எனக்குத் தெரியாதது: போனில் கேட்டு டிக் போட இவருக்கு அனுமதி உண்டா, முந்தைய மாத மாத்திரை இதில் கலந்திருக்கிறதா, வேறு வீடுகளிலும் இப்படி இருக்கிறதா என்பது தெரியாது.

நான் செய்தது: நோயாளியின் உடல்நிலையை அன்று மாலையே மருத்துவரிடம் தெரிவித்தேன், அதில் சக ஊழியரைக் குறிப்பிடவில்லை. நம் மூத்த ஆலோசகரிடம் யோசனை கேட்டேன், அவருக்கு விவரம் தெரியும். வேறு யாரிடமும் பேசவில்லை. பெயர் மறைத்த கார்டின் படத்தை இணைத்திருக்கிறேன்.

கேட்டுக்கொள்வது: இவர் பார்க்கும் வீடுகளில் சிலவற்றை நானும் அவரும் அல்லாத ஒருவர் போய், கார்டையும் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த வீட்டை மட்டும் தனியாகச் சோதித்தால் யார் சொன்னது என்று தெரிந்துவிடும். பல வீடுகளோடு சேர்த்துப் பார்க்கக் கோருகிறேன். கடிதம் கிடைத்ததா, எப்போது பார்க்கப்படும் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதினால் நன்றியுடையவளாவேன்."

இதில் இரண்டு இடத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. முதலாவது பணம். டாட்ஸ் பார்ப்பவருக்குத் திட்டத்தில் ஊக்கத்தொகை உண்டு. சாதாரண மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய் என்றால் ஒரு நோயாளிக்கு 1,000 ரூபாய், மருந்து எதிர்ப்புக் காசநோய் என்றால் 5,000 ரூபாய். கார்டு நிரம்பினால்தான் பணம், அதனால்தான் டிக் போடுகிறார் என்று எழுத வேண்டும் என்றாள். ஆறு மாதம் தினமும் ஒரு வீட்டுக்கு ஏறி இறங்குவதற்கு ஆயிரம் ரூபாய் என்று கணக்குப் போட்டால், பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒருபுறம் இருக்க, அவர் மனதில் என்ன இருந்தது என்பதை அவள் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்று உள்ளே வந்தால் பார்த்தவற்றின் மேலும் சந்தேகம் விழும். எடுத்துவிட்டாள்.

இரண்டாவது, "எனக்குத் தெரியாதது" என்ற பகுதி. அது நம் பக்கத்தைப் பலவீனப்படுத்தாதா என்று கேட்டாள். பொறுப்பாளர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளே அவைதான். அவர் கேட்டு அவள் விழிப்பதைவிட, அவளே சொல்லிவிட்டால் மிச்சமுள்ளதை அவர் நம்புவார். அதோடு, அண்ணனுக்கு ஒரு விளக்கம் இருந்தால் அதைச் சொல்ல இடம் இருக்க வேண்டும். அவர் எதிரி இல்லை. அந்த நோயாளியே அதைச் சொல்லியிருந்தார்.

பொறுப்பாளரிடமிருந்து வியாழக்கிழமையே பதில் வந்தது. அடுத்த வாரம் வேறொரு பகுதியின் மேற்பார்வையாளர், வழக்கமான தணிக்கை என்ற பெயரில், மூன்று நான்கு பேர் பார்க்கும் வீடுகளுக்குக் கலந்து போனார். அண்ணனின் பல வீடுகளில் மாத்திரையும் கார்டும் ஒத்திருந்தன. அங்கெல்லாம் அவர் போனில் கேட்டு டிக் போட்டிருந்தார். போன் இல்லாத வீடுகளில்தான் ஒத்துவரவில்லை. வாரம் ஒருநாள் மொத்தமாக டிக் போட்டிருந்ததை அவரே ஒத்துக்கொண்டார். அவர் பொறுப்பிலிருந்த வீடுகள் ஒருவரால் தினமும் நடந்து முடிக்கக்கூடிய எண்ணிக்கையில் இல்லை என்பதும் அப்போதுதான் மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. வீடுகளைக் குறைத்தார்கள். போனில்லாத வீடுகளுக்கு வேறு ஆள் வந்தார். அண்ணனுக்கு எழுத்தில் எச்சரிக்கை போனது. எச்சரிக்கையோடு விட்டது போதுமா என்பதில் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நாளைய தேதிக்கு டிக் போட்டவரை அப்படி விட்டிருக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

நோயாளிக்கு ரத்தப் பரிசோதனையில் ஈரல் லேசாகப் பாதிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சில நாள் நிறுத்தி, மருத்துவர் பார்வையில் திரும்பத் தொடங்கினார்கள். சளியை மீண்டும் சோதித்ததில் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உருவாகவில்லை. விட்டுப்போன டோஸ்களைச் சேர்த்து, முதல் கட்டத்தை நீட்டி முடித்தார்கள்.

கடிதம் போனபின் செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு. அனுப்பிய நாள், நேரம், வந்த பதில் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், நோயாளியின் பெயர் இல்லாமல். சொன்ன நாளுக்குள் பதில் வராவிட்டால் அதே கடிதத்தை ஒரு வரி நினைவூட்டலோடு திரும்ப அனுப்பலாம். அப்போதும் மௌனம் என்றால் அடுத்த படி வார்டு காசநோய் அதிகாரி. தாராவிக்கு அது மாநகராட்சியின் ஜி-நார்த் வார்டு. நோயாளி தானே முறையிட விரும்பினால் 1800-11-6666 என்ற நிக்ஷய் உதவி எண் இருக்கிறது, கட்டணமில்லை. இந்தப் படிகளில் எதிலும் குரூப் வராது.

பொறுப்பாளரிடம் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. டீ நேரத்தில், "ஆடிட் திடீர்னு ஏன் வந்துச்சாம்?" என்று எல்லோரும் பேசும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஒருநாள் அண்ணனே அவளிடம் நேராகக் கேட்டுவிட்டார்: "நீதான் சொன்னியா தங்கச்சி?" இந்தக் கேள்வி வரும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். இல்லை என்று பொய் சொல்லக் கூடாது, ஆமாம் என்றும் சொல்லக் கூடாது. ஆமாம் என்றால் எந்த வீடு என்ற அடுத்த கேள்வி வரும். அவள் சொன்னாள்: "அண்ணே, யாரு சொன்னா, யாரு சொல்லலன்னு நான் எதையும் பேசமாட்டேன். உங்களப் பத்தி யாராவது என்கிட்ட கேட்டாலும் இதேதான் சொல்வேன். கார்டு பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தா மேடம்கிட்ட சொல்லுங்க, அவங்க கேப்பாங்க." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, அன்றைய மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு 90 அடி ரோடு பக்கம் போனார்.